கடலூர் என்றும் கடலூா் என்றும்

மஞ்சக்குப்பத்தில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை ஒன்றில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். கடை நடத்தும் அக்கா பழைய மனு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். அதில் 'கடலூர்' என்ற சொல் வரும் இடங்களைத் தேடும்படி கணினியில் தட்டினார். அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது கணினி. "கண்ணு முன்னாடி பத்து எடத்துல இருக்கு, இல்லேங்குது பாரு தம்பி" என்று திரையை என் பக்கம் திருப்பினார். உண்மைதான். முதல் வரியிலேயே கடலூர் மாவட்டம் இருந்தது.

காரணம் அந்த மனுவின் வயதில் இருந்தது. ர் என்ற எழுத்தை அச்சிலும் தட்டச்சிலும் கால் வடிவத்தின் மேல் புள்ளி வைத்து எழுதுவது நெடுநாள் வழக்கம். பழைய எழுத்துருக்களும் அதையே பின்பற்றின. அவற்றில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது, 'ர' இருக்க வேண்டிய இடத்தில் 'ா' என்ற துணைக்கால் வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே வடிவம்தான். ஆனால் யூனிகோடில் ர-வின் எண் 0BB0, துணைக்காலின் எண் 0BBE. தேடும் கணினி பார்த்தது எண்ணை.

அந்த மனுவை வெட்டி ஒரு மொழி மாதிரியிடம் ஒட்டி, "இதில் என்ன குறை?" என்று கேட்டால் அதுவும் இந்த எண்களிலிருந்துதான் தொடங்கும். வடிவத்தை அது பார்ப்பதே இல்லை. கேள்வியில் ஒரு புள்ளியோ ஒரு விகுதியோ மாறினால் பதில் ஏன் மாறுகிறது என்று கேட்பவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். மஞ்சக்குப்பம். தமிழ்க் கணக்கில் ம, ஞ், ச, க், கு, ப், ப, ம் என்று 8 எழுத்துகள். யூனிகோடில் மெய்யெழுத்துக்கும் கு-வுக்கும் இரண்டிரண்டு குறியீடுகள் தேவை. ஞ் என்பது ஞ-வும் புள்ளியும், கு என்பது க-வும் உகரக் குறியும். இப்படிக் கூட்டினால் 13 குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். ஆக 39 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் Manjakuppam என்று எழுதினால் 11 பைட்தான். சிலர் க் இல்லாமல் மஞ்சகுப்பம் என்றும் எழுதுகிறார்கள். அதற்கு 33 பைட். ஊர் ஒன்றுதான். ஆனால் மாதிரியின் வாசலில் மூன்று வேறு எண் வரிசைகள் வந்து நிற்கின்றன. தமிழின் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. ஆனால் இணையத்தில் பரவியது யூனிகோடுதான், மாதிரிகள் படித்ததும் அதைத்தான்.

இந்த பைட் வரிசை அப்படியே உள்ளே போவதில்லை. முதலில் துண்டாகிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ரேஷன் கடையில் கொடுக்கும் டோக்கன் போலவே இதிலும் முக்கியம் அதன் எண்தான். எங்கே வெட்டுவது என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை, எண்ணிக்கை தீர்மானிக்கிறது. 1994-இல் பிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதிய ஒரு முறை பின்னர் இந்த வேலைக்கு வந்தது. தொடக்கத்தில் 256 பைட்கள் மட்டும் இருக்கும். பயிற்சிக்கான உரைக் குவியலில் எந்த இரண்டு அடுத்தடுத்து அதிகமாக வருகின்றன என்று எண்ணி, அந்த ஜோடியை ஒட்டி ஒரு புதிய துண்டாக்க வேண்டும். மறுபடி எண்ண வேண்டும், மறுபடி ஒட்ட வேண்டும். 2019-இல் வந்த ஜிபிடி-2 மாதிரியில் துண்டுகள் மொத்தம் 50,257. குவியலில் பெரும்பாலும் ஆங்கிலம் இருந்ததால் ஆங்கிலச் சொற்கள் முழுத் துண்டாகிவிட்டன. தமிழ் பைட் பைட்டாகச் சிதறிக் கிடந்தது.

அந்தச் சிதறல் பின்னர் குறைந்தது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் புதிய துண்டாக்கியை வெளியிட்டபோது ஓர் ஒப்பீட்டையும் கொடுத்தது. ஒரு சிறு அறிமுக வாசகம் தமிழில் முன்பு 116 டோக்கன் ஆனது, புதிதில் 35. ஆங்கிலத்தில் அதே வாசகம் 27-இலிருந்து 24 ஆனது. இன்றைய துண்டாக்கிகளில் தமிழின் அடிக்கடி வரும் சேர்க்கைகள் தனித் துண்டாக இடம்பிடித்திருக்கின்றன.

மஞ்சக்குப்பத்துக்கு இதனால் என்ன ஆகும்? தமிழ் உரையில் 'க்கு' என்பது மிக அதிகமாக வரும் சேர்க்கை. வீட்டுக்கு, ஊருக்கு, எனக்கு என்று நான்காம் வேற்றுமை முழுக்க அதுதான். ஆகவே அது ஒரு துண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 'மஞ்சக்குப்பம்' வரும்போது கத்தி 'மஞ்ச', 'க்கு', 'ப்பம்' என்று விழ இடமுண்டு. 'மஞ்சகுப்பம்' என்று எழுதினால் அந்த 'க்கு' கிடைக்காது. கத்தி வேறு இடத்தில் விழும், 'குப்பம்' முழுதாகத் தப்பிக்கலாம். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் நடக்கும் எவருக்கும் குப்பம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் ஒரு வேற்றுமை உருபும் ஒரு சொல்லின் வாலுமாக உடைந்த துண்டுகளிலிருந்து அதே குப்பத்தை மாதிரி மறுபடி கூட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த மாதிரி எங்கே வெட்டும் என்பது அதனதன் துண்டாக்கியைப் பொறுத்தது. ஒரு மெய்யெழுத்தைச் சேர்த்தால் வெட்டு இடம் மாறக்கூடும் என்பது எல்லாவற்றுக்கும் பொது.

துண்டான பிறகு ஒவ்வொரு டோக்கன் எண்ணுக்கும் ஒரு நீண்ட எண் பட்டியல் எடுத்துத் தரப்படும். 2020-இல் வந்த ஜிபிடி-3-இன் மிகப் பெரிய வடிவத்தில் அந்தப் பட்டியலின் நீளம் 12,288. பயிற்சியில் அந்தத் துண்டு எந்தெந்தச் சூழலில் வந்தது என்பதன் தடம் அந்த எண்களில் படிந்திருக்கும். பிறகு அடுக்கடுக்காகக் கணக்கு நடக்கிறது. ஜிபிடி-3-இல் 96 அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகளைத் திரும்பிப் பார்த்து, தனக்கு வேண்டியதை அளவறிந்து வாங்கிக்கொள்கிறது. கூகுளில் பணிபுரிந்த அஷீஷ் வாஸ்வானியும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் முன்வைத்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பின் உயிர் இந்தத் திரும்பிப் பார்த்தல்தான். கவனம் என்று அதைச் சொல்கிறார்கள்.

சிதம்பரம் என்ற சொல்லை வைத்து இதைப் பார்க்கலாம். அது ஊர், கோயில், ஒரு மனிதரின் பெயர். "நடராஜர் தரிசனத்துக்குச் சிதம்பரம் போக வேண்டும்" என்ற வாக்கியத்தில், சிதம்பரம் என்ற துண்டு வரும்போது நடராஜரும் தரிசனமும் ஏற்கெனவே வந்தாயிற்று. சிதம்பரத்தின் எண் பட்டியல் அவற்றிலிருந்து வாங்கிக்கொண்டு கோயில் பக்கம் நகரும். "சிதம்பரம் நேற்றுக் கடலூர் வந்தார்" என்ற வாக்கியம் வேறு வகை. அங்கே மனிதர் என்று காட்டும் 'ஆர்' விகுதி கடைசியில்தான் வருகிறது. நம்மோடு உரையாடும் பெரும்பாலான மாதிரிகளில் ஒரு துண்டு தனக்கு முன்னால் வந்தவற்றை மட்டுமே பார்க்க முடியும், பின்னால் வருவதைப் பார்க்க முடியாது. ஆகவே சிதம்பரம் என்ற துண்டு கடைசிவரை ஊரா ஆளா என்று உறுதியாகாமலேயே நிற்கும். அதைத் தீர்த்துக்கொள்வது 'வந்தார்' என்ற துண்டின் வேலை. அது திரும்பிப் பார்த்து, இங்கே சிதம்பரம் ஓர் ஆள் என்ற செய்தியைத் தன்னிடம் எழுதிக்கொள்ளும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது தனியாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்று நினைக்கிறேன். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. யார், எத்தனை பேர், ஆணா பெண்ணா, நடந்ததா நடக்குமா, நடக்கவே இல்லையா என்ற அத்தனையும் அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் தொங்குகின்றன. நீளமான ஒரு பத்திரத்தை முதலில் ஒட்டிவிட்டு, "இதில் எல்லை விவரம் சரியா?" என்று கடைசியில் கேட்டால், பத்திரத்தின் ஒவ்வொரு துண்டும் கேள்வி தெரியாமலேயே படிக்கப்பட்டிருக்கும். தேடவேண்டிய முழுச் சுமையும் கேள்வியிலிருக்கும் சில துண்டுகள்மேல் விழும். "கீழே வரும் பத்திரத்தில் எல்லை விவரத்தை மட்டும் பார்" என்று முதலிலேயே சொன்னால், பத்திரத்துத் துண்டுகள் அந்த நோக்கத்தை அறிந்தபடியே உருவாகும். ஒரே சொற்கள்தான், வரிசை மட்டும் வேறு. நீளமான உரையென்றால் கேள்வியை மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் எழுதிவிடுவது என் பழக்கம்.

இனி கடைசிப் படி. எல்லா அடுக்கும் முடிந்த பிறகு, அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு டோக்கனுக்கும் மாதிரி ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண்கள் நிகழ்தகவாக மாற்றப்படுகின்றன. அதிலிருந்து ஒன்று எடுக்கப்படுகிறது. எடுத்ததையும் கேள்வியோடு சேர்த்துக்கொண்டு அடுத்ததற்கு மறுபடி அதே கணக்கு.

சிறு மாற்றம் எப்போது பதிலைப் புரட்டும், எப்போது புரட்டாது என்பது இந்தப் படியில்தான் தெளிவாகிறது. விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்களால் பார்ப்போம். ஒரு கேள்விக்கு 'ஆம்' என்பதற்கு 2.0, 'இல்லை' என்பதற்கு 1.8 மதிப்பெண் வந்திருக்கிறது, வேறு போட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.2. நிகழ்தகவாக மாற்றினால் ஆம் 55 விழுக்காடு, இல்லை 45 விழுக்காடு. கேள்வியில் ஒரு சொல்லை மாற்றியதால் 'இல்லை'யின் மதிப்பெண் 0.5 மட்டும் ஏறி 2.3 ஆகிறது. இப்போது ஆம் 43, இல்லை 57. பதில் கவிழ்ந்துவிட்டது. இன்னொரு கேள்வியில் வித்தியாசம் 6 என்று கொள்வோம். அங்கே முந்தி நிற்பதன் நிகழ்தகவு 99.8 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதே 0.5 நகர்ந்தாலும் 99.5-க்குக் கீழே இறங்காது. சொல்மாற்றம் இரண்டிலும் ஒரே அளவுதான் தள்ளியது. முதல் கேள்வியில் பதில் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, அதனால் விழுந்தது.

அதோடு நிற்பதில்லை. முதல் டோக்கன் 'ஆம்' என்று விழுந்துவிட்டால் அடுத்து வருபவை எல்லாம் 'ஆம்' என்று தொடங்கிய ஒரு பதிலின் தொடர்ச்சியாகவே கணக்கிடப்படும். அதற்குக் காரணங்கள் வரும், உதாரணம் வரும், உறுதியான தொனியும் வரும். வாசிக்கும் நமக்கு, 55-க்கு 45 என்று நூலிழையில் வந்த முடிவு அது என்று தெரிய வழியே இல்லை. இந்தக் கருவிகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். பட்டாவுக்கும் மருந்துக்கும் விளக்கம் கேட்டு வருகிறவர்கள் தொனியை நம்புகிறார்கள்.

எவ்வளவு அற்பமான மாற்றம் எவ்வளவு தூரம் தள்ளும் என்பதை மெலனி ஸ்க்ளாரும் உடன் ஆய்வாளர்களும் 2023-இல் அளந்து காட்டினார்கள். கேள்வியின் பொருளை அவர்கள் தொடவே இல்லை. முக்காற்புள்ளி, இடைவெளி, வரி முறிப்பு, பெரிய எழுத்து சிறிய எழுத்து போன்ற அமைப்பை மட்டும் மாற்றினார்கள். லாமா-2 குடும்பத்தின் 13 பில்லியன் அளவுள்ள மாதிரியில், சில எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கேட்கும் வகையில், ஒரு வடிவத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே துல்லியத்தில் 76 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை வேறுபாடு வந்தது. அது மிக மோசமான நிலையின் கணக்கு. எல்லாப் பணியிலும் அப்படி வராது. ஆனாலும் ஒரே வடிவத்தில் கேட்டுப் பார்த்து ஒரு மாதிரியைக் கெட்டிக்காரன் என்றோ மக்கு என்றோ தீர்ப்பு எழுதக்கூடாது என்பது அன்றிலிருந்து ஆய்வாளர்களுக்குப் பாடமானது.

இதுவரை சொன்னவை கண்ணுக்குச் சிறிதாகவும் பொருளில் ஒன்றுமில்லாததாகவும் உள்ள மாற்றங்கள். இன்னொரு வகை உண்டு. நமக்குச் சிறிதாகத் தோன்றும், உண்மையில் கேள்வியையே மாற்றிவிடும். தமிழில் அதற்கு நல்ல உதாரணம் 'தானே'.

"புனித டேவிட் கோட்டை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பதிலுக்கான இடம் காலியாக இருக்கிறது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் என்று மாதிரி தன் நினைவிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். "புனித டேவிட் கோட்டை சிதம்பரத்தில்தானே இருக்கிறது?" என்று கேட்டால் அந்த இடத்தை நாமே தவறாக நிரப்பிக் கொடுத்துவிட்டோம். சிதம்பரம் என்ற துண்டு இப்போது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பதிலின் ஒவ்வொரு துண்டும் திரும்பிப் பார்க்கும்போது அதைப் பார்க்கும். மேலும் மனிதர்கள் எழுதிய உரையில் 'தானே' என்று முடியும் வாக்கியத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் 'ஆமாம்'. வாசலில் நின்று "சாப்டாச்சுதானே?" என்று கேட்பவரிடம் யாரும் விவாதத்துக்கு நிற்பதில்லை.

இதோடு பயிற்சியின் இரண்டாம் கட்டமும் சேர்கிறது. மாதிரிகளின் பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டு, எது பிடித்திருக்கிறது என்று சொல்ல, அதன்படி மாதிரி திருத்தப்படுகிறது. 2023-இல் ஆந்த்ரோபிக் ஆய்வாளர்கள் அந்த விருப்பத் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, கேட்டவரின் கருத்தோடு ஒத்துப்போகும் பதில் விரும்பப்படும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். ஆகவே இசைவு என்பது மாதிரிக்குக் கற்பிக்கப்பட்ட பழக்கமும்கூட. நன்றாகத் தெரிந்த செய்தி என்றால், அதாவது மதிப்பெண் இடைவெளி பெரிதாக இருந்தால், பெரிய மாதிரிகள் 'தானே'யை மீறி நம்மைத் திருத்தும். கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது, திருத்தவும் கூடும். மஞ்சக்குப்பத்து ஒரு தெருவின் பழைய பெயரைப் பற்றி அதே முறையில் கேளுங்கள். எழுதிவைத்தது குறைவு, இடைவெளி சிறிது, 'தானே' ஜெயித்துவிடும்.

ஒரு பதில் விளிம்பில் நிற்கிறதா உறுதியாக நிற்கிறதா என்று வெளியிலிருந்தே ஓரளவு சோதிக்க முடியும். முதலில் கேள்வியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் புதிய உரையாடல்களில் நாலைந்து முறை கேட்க வேண்டும். நிகழ்தகவின்படி குலுக்கி எடுப்பதால் கேள்வி மாறாமலேயே பதில் மாறலாம். இதைச் செய்யாமல் சொல்லை மாற்றிப் பார்ப்பவர்கள், குலுக்கலால் வந்த மாற்றத்தைச் சொல்லின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு சொல்லை மாற்றலாம்: எழுத்து வழக்கில் ஒருமுறை, பேச்சு வழக்கில் ஒருமுறை, 'தானே'யை 'ஆ'வாக்கி ஒருமுறை, எதிர்ப்பக்கமாக ஒருமுறை. எல்லாவற்றிலும் அதே பதில் வந்தால் இடைவெளி பெரிது என்று கொள்ளலாம். அது சரியான பதில் என்று ஆகிவிடாது. பயிற்சி உரையில் தவறு ஒன்று பரவலாக இருந்தால் மாதிரி அந்தத் தவறிலும் உறுதியாக நிற்கும். அசையும் பதிலை நம்பக்கூடாது என்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டும்.

மனுவுக்குத் திரும்புவோம். 'கடலூா்' என்று துணைக்கால் போட்ட வடிவம் மாதிரிக்குப் புரியவே புரியாது என்று சொல்ல முடியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாறிய உரை இணையத்தில் நிறையக் கிடப்பதால் பெரிய மாதிரிகள் இரண்டு வடிவத்தையும் பார்த்திருக்கும். சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகித்தும் விடும். ஆனால் ஒரே ஊரைப் பற்றிய அனுபவம் இரண்டு துண்டு வரிசைகளில் பிரிந்து கிடக்கிறது. அபூர்வமான பெயர்களில், ஒரு கிராமத்தின் பெயரிலோ ஒருவரின் தகப்பனார் பெயரிலோ, அந்தப் பிரிவினை வலிக்கும்.

கோப்பு எப்படி இருக்கிறது என்று அறிய ஒரே வரி போதும். அக்காவின் கணினியில் பைத்தான் இருந்தது. தட்டிக் காட்டினேன்.

```
print([hex(ord(c)) for c in "கடலூர்"])
['0xb95', '0xb9f', '0xbb2', '0xbc2', '0xbb0', '0xbcd']
```

மனுவிலிருந்து வெட்டி ஒட்டிய சொல்லுக்கு ஐந்தாவது இடத்தில் `0xbbe` வந்தது. மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன.

இந்த வகைக் குறைகளில் சிலவற்றை யூனிகோடு தானே சரிசெய்யும். கொ என்பதில் வரும் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றென்று யூனிகோடு தரமே சொல்வதால், இயல்பாக்கம் என்ற செயல்முறை அவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ர-வும் துணைக்காலும் தரத்தின்படி வெவ்வேறு எழுத்துகள். வடிவம் ஒத்திருக்கிறது என்பது யூனிகோடுக்குப் பொருட்டல்ல. ஔ-வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் போடுவதும் இதே வகைதான். இவற்றை மனிதர்தான் மாற்ற வேண்டும்.

நல்லவேளையாக, தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வர வழியே இல்லை. துணைக்காலுக்குப் பின் இகரக் குறியோ ஈகாரக் குறியோ வரவும் வழியில்லை. ஆகவே அப்படி எங்கே வந்தாலும் அது இடம்மாறிய ர-தான் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். 'ா்' என்று வருமிடமெல்லாம் 'ர்', 'ாி' என்று வருமிடமெல்லாம் 'ரி', 'ாீ' என்று வருமிடமெல்லாம் 'ரீ' என்று மூன்று முறை மாற்றச் சொன்னோம். கடலூர், விண்ணப்பதாரர், வாரிசு என்று பக்கம் முழுக்க எழுத்துகள் இடம் மாறின. அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார்.

"முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு தம்பி" என்றார்.

'கடலூர்' என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிக்கொண்டு வந்தது.